இரண்டாவது மாத்திரை

சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரம், இரவு ஒன்பது மணிக்கு கிளினிக்கைச் சாத்தப் போகும் நேரத்தில் ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். சிறுமிக்கு ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. உட்கார்ந்ததும் அம்மா சொன்னது ஒரே வரிதான்.

"டாக்டர், மறுபடியும் வந்திருச்சு."

மூன்றாவது முறையாம். ராத்திரி படுத்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை நெளிய ஆரம்பிக்கிறாள். பின்புறம் அரிக்கிறது என்று அழுகிறாள். அதோடு தூக்கம் போய்விடுகிறது. காலையில் எழுப்பினால் எழுவதில்லை, வகுப்பில் மேசைமேல் தலையை வைத்துத் தூங்குகிறாள் என்று ஆசிரியை இரண்டு முறை குறிப்புப் புத்தகத்தில் எழுதி அனுப்பிவிட்டார். நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கமும் திரும்பியிருக்கிறது.

சொல்லி முடித்த பிறகும் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. தாதி மகளை எடை பார்க்க வெளியே அழைத்துப்போன பிறகுதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "முன்பக்கமும் சொறியிறா டாக்டர். எனக்கு என்னென்னமோ நினைப்பு வருது."

அந்த நினைப்பு என்னவென்று ஒரு பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டு எத்தனை இரவு விழித்திருந்தாரோ தெரியாது. அவர் முன்னிலையிலேயே பிள்ளையைப் பரிசோதித்தேன். காயமில்லை, கசிவில்லை, இரத்தமில்லை. சொறிந்து சிவந்த தடம் மட்டுமே இருந்தது. குடலில் இருக்கும் நூல்புழு இரவில் வெளியே ஊர்ந்து வரும்போது, பெண் குழந்தைகளுக்குச் சில சமயம் வழி தவறி முன்பக்கமும் போய்விடும். அந்த அரிப்பும், அதனால் படுக்கை நனைவதும் நாங்கள் அடிக்கடி பார்ப்பவை. கசிவோ இரத்தமோ வலியோ இருந்தால் அது வேறு கதை. அதைப் பூச்சி என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பூச்சி மாத்திரை கொடுத்தவர் வேறு யாருமில்லை, நான்தான். "இரண்டு வாரத்தில் மறுபடியும்" என்று குறுக்கெழுத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன். ஆனால், மாத்திரை உறையில் அது இல்லை. வாயால் சொன்னேனா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "ஒண்ணு கொடுத்தா போதும்னுதான் நெனச்சேன் டாக்டர்" என்றார். அன்று காய்ச்சல்காரர்கள் வரிசை வாசல்வரை நின்றது என்பது ஒரு காரணமாகாது.

பிறகு நடந்ததைக் கேட்டேன். முதல் மாத்திரை கொடுத்த மூன்றாம் நாள் அரிப்பு நின்றுவிட்டது. ஐந்து வாரம் நிம்மதி. ஆறாவது வாரம் திரும்பிவிட்டது. மருந்தகத்தில் அதே மாத்திரை ஒன்று வாங்கி, பிள்ளைக்கு மட்டும் கொடுத்தார். மறுபடியும் மூன்று நாளில் குணம், மறுபடியும் ஆறு வாரத்தில் அரிப்பு. "மாத்திரை இப்பல்லாம் வேலை செய்ய மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஏதாவது கொடுங்க" என்பது அவருடைய கோரிக்கை.

மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கிறது. அந்த ஆறு வாரக் கணக்கே அதற்குச் சாட்சி.

நூல்புழுவைப் பலர் கீரிப்பூச்சி என்பார்கள். மலாய்க்காரர்கள் சாச்சிங் கெராவிட் என்பார்கள். வெள்ளை நூல் துண்டுபோல இருக்கும். பெண் புழு ஒரு சென்டிமீட்டர் நீளம், கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். பகலெல்லாம் பெருங்குடலில் கிடக்கும். பிள்ளை தூங்கியதும் ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் முட்டைகளை ஒட்டிவைக்கும். ஒரு புழு பத்தாயிரம் முட்டை வரை இடும். அரிப்பு அங்கிருந்துதான் வருகிறது. பிள்ளை தூக்கத்தில் சொறிகிறது, முட்டைகள் நகத்துக்குள் போகின்றன.

நள்ளிரவில் இட்ட முட்டை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் தொற்றத் தயாராகிவிடும். அதாவது விடிவதற்குள். காலையில் அந்தக் கை வாய்க்குப் போனால், அல்லது கழுவாத கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்றால், அதே பிள்ளைக்கு அதே புழு மறுபடியும் உள்ளே போகிறது. விழுங்கிய முட்டை பொரிந்து, வளர்ந்து, அடுத்த தலைமுறைக்கு முட்டையிட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதன் பிறகுதான் அரிப்பு.

இப்போது அந்த அம்மாவின் கணக்கைப் பாருங்கள். மாத்திரை குடலில் இருந்த புழுக்களைக் கொன்றது, அதனால் மூன்றாம் நாள் அரிப்பு நின்றது. ஆனால், மாத்திரை முட்டையை ஒன்றும் செய்யாது. தலையணை உறையிலும், மெத்தை விரிப்பிலும், நகத்திலும் இருந்த முட்டைகள் அப்படியே இருந்தன. வீட்டுக்குள் நிழலான, ஈரப்பதமான இடத்தில் அவை இரண்டு, மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். மாத்திரை கொடுத்த அடுத்த சில நாள்களில் அவற்றில் சில வாய்க்குள் போயின. அங்கிருந்து ஒரு மாதத்துக்குமேல் எண்ணுங்கள். ஆறாவது வாரத்துக்கு வந்து நிற்கும். மாத்திரை தோற்றிருந்தால் அரிப்பு நின்றே இருக்காது. நின்று, ஒரு மாதத்துக்குமேல் கழித்துத் திரும்பினால் அது புதிதாகத் தொற்றியது. அதற்கு "ஸ்ட்ராங்" மருந்து தீர்வல்ல.

இரண்டாவது மாத்திரை எதற்கு என்பதும் இதிலேயே இருக்கிறது. முதல் மாத்திரைக்குப் பிறகு விழுங்கிய முட்டைகள் பதினான்காம் நாள் குடலில் சின்னப் புழுக்களாக இருக்கும், இன்னும் முட்டையிடும் பருவம் வந்திருக்காது. அந்த நேரத்தில் கொடுத்தால் சங்கிலி அறுந்துவிடும். ஆறாவது வாரம் அரிப்பு வந்த பிறகு கொடுக்கும் மாத்திரை, புழுக்கள் முட்டையைப் போட்டு முடித்த பிறகு வந்து சேருகிறது. அந்த அம்மா இரண்டு முறை மாத்திரை கொடுத்தார், இரண்டும் "முதல்" மாத்திரையாகவே போய்விட்டன.

நூல்புழுதானா என்று உறுதிப்படுத்த மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கும்படி அவர் கேட்டார். இந்தப் புழு குடலுக்குள் முட்டையிடுவதில்லை என்பதால் மலத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "பூச்சி இல்லை" என்று முடிவு வந்து வீடே ஏமாந்து போகும். இதற்கு டேப் பரிசோதனைதான் சரி. காலையில் பிள்ளை எழுந்தவுடன், கழிப்பறைக்குப் போகும் முன், கழுவும் முன், கண்ணாடிபோலத் தெளிவான செல்லோ டேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் அழுத்தி எடுக்க வேண்டும். அதைக் கிளினிக்கில் கொடுக்கும் கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். தொடர்ந்து மூன்று காலை எடுத்தால் தப்புவது அரிது. பனிபோல மங்கலான டேப் வேண்டாம், அதன் வழியே நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. எடுத்தவர் கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். அதுவும் முடியாவிட்டால், பிள்ளை தூங்கி இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துக் கைவிளக்கு அடித்துப் பார்க்கலாம். நெளியும் வெள்ளை நூல் கண்ணுக்கே தெரியும்.

இரண்டாம் நாள் டேப்பிலேயே முட்டைகள் இருந்தன. ஒரு பக்கம் தட்டையாக, எலுமிச்சை விதைபோல வரிசை வரிசையாக. அந்த அம்மாவை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதானா?" என்றார். அவர் தோள் இறங்கியதை நான் கவனித்தேன்.

அடுத்து வீட்டில் யார் யார் என்று கேட்டேன். அப்பா, அம்மா, பாட்டி, பாலர் பள்ளிக்குப் போகும் நான்கு வயதுத் தம்பி, மூன்று மாதக் கர்ப்பமாக இருக்கும் சித்தி. அக்காவும் பாட்டியும் ஒரே மெத்தை. தம்பி கட்டைவிரல் சூப்புவான். இதற்குமேல் துப்பறிய வேண்டியதில்லை.

ஒரு பிள்ளைக்கு நூல்புழு என்றால் அந்த வீட்டுக்கே நூல்புழு என்று வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அரிப்பில்லாமலும் புழு இருக்கும், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால், பாட்டியின் மெத்தையிலிருந்தும் தம்பியின் விரலிலிருந்தும் அடுத்த வாரமே முட்டை திரும்ப வந்துவிடும். அதனால் எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒரே நாளில்.

நான் கொடுத்தது அல்பெண்டசோல், மென்று தின்னும் 400 மில்லிகிராம் மாத்திரை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் எழுபது கிலோ அப்பாவுக்கும் அதே ஒரு மாத்திரைதான். "அவனுக்குப் பாதி உடைச்சுக் கொடுக்கலாமா?" என்று தம்பியைக் காட்டிக் கேட்டார். வேண்டாம். இந்த மருந்து பெரும்பாலும் இரத்தத்தில் கலக்காமல் குடலிலேயே நின்று வேலை செய்வது. உடைத்துக் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். இரண்டு வயதுக்கு உள்பட்ட குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மெபெண்டசோல், பைரன்டெல் என்று வேறு மருந்துகளும் உண்டு. பைரன்டெல் உடல் எடை பார்த்துக் கொடுப்பது. எதைக் கொடுத்தாலும் இரண்டாவது முறை உண்டு. சிலருக்கு அன்று லேசான வயிற்றுவலி வரும், மறுநாள் போய்விடும். மலத்தில் செத்த புழு தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், தெரியாமலும் போகும்.

சித்திக்குக் கொடுக்கவில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்த மாத்திரை கூடாது. அவருக்குச் சுத்தம் மட்டும்தான் மருந்து, தனிப் படுக்கை, தனித் துண்டு. அப்பாதான் அடம்பிடித்தார். தொலைபேசியில் அவர் சொன்னது எனக்கே கேட்டது. "எனக்கு ஏன்? நான் என்ன சின்னப் பிள்ளையா?" இந்தப் புழுவுக்கு வயதும் தெரியாது, வீட்டு வாடகையும் தெரியாது. நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பூனை, நாயிடமிருந்தும் இது வருவதில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டும்தான். பல தடவை பாவம், பூனையைத்தான் முதலில் வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள்.

இனி அந்த இரண்டு வாரம். இங்கேதான் முழு வேலையும் இருக்கிறது.

முக்கியமானது காலைக் குளியல். நம் வீடுகளில் பள்ளிக்கூட அவசரத்தில் பிள்ளைக்கு முகத்தைக் கழுவி, சட்டையை மாட்டி அனுப்பிவிட்டு, மாலையில் நிதானமாகக் குளிப்பாட்டுகிறோம். நூல்புழு முட்டையிடுவது இரவில். மாலைக் குளியல் அதற்கு ரொம்பத் தாமதம், பகல் முழுக்க அந்த முட்டை பள்ளி மேசையிலும் பென்சிலிலும் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். எழுந்தவுடன் உட்காரும் இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஷவரோ வாளியோ எதுவாக இருந்தாலும் ஓடும் தண்ணீராக இருக்கட்டும். இரவு போட்ட ஜட்டியைக் கழற்றி நேராகத் துவைக்கப் போட்டுவிட்டு, புது ஜட்டி. இரவில் இறுக்கமான ஜட்டி போட்டால் தூக்கத்தில் விரல் நேராகத் தோலைத் தொடாது.

நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், கையாலேயே கழுவுகிறவர்கள். இரண்டு கையும் வேறு வேறு என்று பெரியவர்களுக்குத் தெரியும், முதலாம் ஆண்டுப் பிள்ளை இரண்டு கையாலும் சொறியும். கழிப்பறைக்குப் போன பிறகும், சாப்பாட்டுக்கு முன்னும் சோப்பு, அதோடு நகத்துக்கடியில் ஒரு தேய்ப்பு. பள்ளிப்பையில் தொங்கும் சானிடைசர் இதற்கு உதவாது. முட்டையின் ஓட்டை ஆல்கஹால் ஒன்றும் செய்வதில்லை. முட்டையைக் கொல்ல வேண்டியதில்லை, தண்ணீரோடு போக்கினால் போதும்.

விரிப்பு விஷயத்தில் நல்ல பழக்கம் ஒன்றே எதிரியாகிவிடுகிறது. காலையில் போர்வையை உதறி மடிப்போம் இல்லையா? உதறினால் முட்டைகள் காற்றில் பறந்து தரையிலும் மேசையிலும் இறங்கும். உதறாமல் சுருட்டி எடுத்து, சுடுதண்ணீரில் துவைத்து, வெயிலில் காயப்போட வேண்டும். வெயில் அந்த முட்டைக்குப் பகை. நம் நாட்டில் அது இலவசம். திரைச்சீலையை விலக்கி அறைக்குள் வெளிச்சம் விட்டாலும் பலன் உண்டு. படுக்கையறையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். மாத்திரை சாப்பிட்ட மறுநாள் காலை இதையெல்லாம் ஒருமுறை முழுதாகச் செய்ய வேண்டும், பிறகு இரண்டாவது மாத்திரைக்கு மறுநாள் இன்னொரு முறை. நடுவில் ஜட்டி, காலைக் குளியல், நகம் மூன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பாட்டி மூன்று குற்றவாளிகளை வைத்திருந்தார்: மிட்டாய், ராத்திரி பல் கடிப்பது, கன்னத்தில் வெள்ளைத் திட்டு. மிட்டாய் பல்லைக் கெடுக்கும், புழுவை உண்டாக்காது. பல் கடிக்கும் பிள்ளைகள் ஏராளம், அதை வைத்துப் பூச்சி என்று சொல்ல முடியாது. கன்னத்தின் வெளிர்ந்த திட்டு பெரும்பாலும் வறண்ட சருமத்தால் வருவது. அதற்கு ஈரப்பசைக் களிம்பு போதும். விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று கேட்டார். வயிறு போகும், தலையணையில் இருக்கும் முட்டை போகாது.

ஆனால், பாட்டி சொன்ன ஒன்றை நான் தள்ளிவிடவில்லை. "எங்க காலத்துல தோட்டத்துப் பிள்ளைங்க பூச்சியில சோகை பிடிச்சுக் கெடந்ததுங்க" என்றார். அது உண்மை. அது வேறு புழு. கொக்கிப்புழு, வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக ஏறி, குடலில் இரத்தத்தை உறிஞ்சும். நாக்குப்பூச்சியும் சாட்டைப்புழுவும் மலம் கலந்த மண்ணிலிருந்து வாய் வழியே வரும். அவற்றுக்காகத்தான் நம் நாட்டில் 1974-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டம் தொடங்கி, 1983 வரை நடந்தது. கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் வந்த ஊர்களில் அந்தப் புழுக்கள் குறைந்துவிட்டன. பல பூர்வகுடிக் கிராமங்களில் இன்னும் குறையவில்லை.

இந்தப் பழைய நினைப்பில்தான் பட்டணத்துப் பிள்ளைக்கும் ஆறு மாதத்துக்கொரு முறை மாத்திரை கொடுக்கும் வழக்கம் ஓடுகிறது. கொடுப்பதால் பெரிய கெடுதலில்லை. ஆனால், நூல்புழுவை அது தடுக்காது, அடுத்த வாரமே தொற்றலாம். இன்னொன்றும் சொல்கிறேன். நூல்புழு பிள்ளையை வெளிறவைப்பதில்லை. முகம் வெளிறி, மூச்சு வாங்கி, மண்ணையோ ஐஸ் கட்டியையோ தின்னும் பிள்ளைக்கு, எடை ஏறாத பிள்ளைக்கு, "பூச்சியாக இருக்கும்" என்று மாத்திரை கொடுத்துவிட்டு உட்காராதீர்கள். இரத்தமும் மலமும் பார்க்க வேண்டும். அங்கே மலப் பரிசோதனைக்கு வேலை இருக்கிறது.

அன்று உறையில் நானே பெரிய எழுத்தில் இரண்டு தேதிகளை எழுதினேன். அந்த அம்மா சமையலறை நாள்காட்டியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டதாகப் பிறகு சொன்னார். இரண்டாவது ஞாயிறு அப்பா மறந்துபோய் வெளியே கிளம்ப, வாசலில் நிறுத்தி வாயில் போட்டாராம். அன்றைக்குப் பிள்ளைக்கு அரிப்பே இல்லை. "நல்லாத்தானே இருக்கா, இன்னொண்ணு எதுக்குன்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணுச்சு டாக்டர்."

எட்டாவது வாரம் தம்பியின் சளிக்காக எல்லாரும் வந்தார்கள். அக்கா இரவு முழுக்கத் தூங்குகிறாள், படுக்கை நனைவதில்லை, ஆசிரியையிடமிருந்து குறிப்பு வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று தன் பத்து விரல்களையும் என் முன்னால் நீட்டினாள். நகங்கள் சுத்தமாக வெட்டியிருந்தன. சித்தி ஐந்தாம் மாதம், அரிப்பு எதுவும் இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தார். பாட்டி மட்டும் கதவருகே நின்று, மிட்டாயை நிறுத்தியதால்தான் எல்லாம் சரியாகிவிட்டது என்று தாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.